பாட்டிலுக்குள் என்ன இருந்தால் என்ன?

கணவன் குளியலறைக்குள் இருக்கிறான். அவனுடைய சாவிக்கொத்து மேசைமேல் கிடக்கிறது. மனைவி சத்தமில்லாமல் அதிலிருந்து ஒரே ஒரு சாவியை மட்டும் கழற்றிக்கொள்கிறாள். நகர்வதற்குள் அவன் வெளியே வந்துவிடுகிறான். அவள்மேல் பொறாமைப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறான், அவளுடைய இரண்டு கைகளையும் பிடிக்கிறான். இரண்டும் மூடியிருக்கின்றன. ஒரு கையைப் பிரித்து உள்ளங்கையில் முத்தம் கொடுக்கிறான். அடுத்த கைக்குப் போகும்போது அவள் சட்டென்று அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். சாவி அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுகிறது. அணைத்தபடியே அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுகிறாள்.

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1946இல் எடுத்த 'நொட்டோரியஸ்' படத்தின் காட்சி இது. மனைவி அலிசியாவாக இங்க்ரிட் பெர்க்மன். அவளுடைய அப்பா நாஜி உளவாளி என்று அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டவர். அந்தப் பழைய தொடர்பை வைத்து, பிரேசிலில் பதுங்கியிருக்கும் நாஜிக் கூட்டத்துக்குள் அவளை அனுப்புகிறது அமெரிக்க உளவுத்துறை. கூட்டத்தில் ஒருவனான செபாஸ்டியன் (கிளாட் ரெய்ன்ஸ்) அவளைக் காதலித்து, கல்யாணமும் செய்துகொள்கிறான். அவளை அனுப்பிய டெவ்லினும் (கேரி கிராண்ட்) அவளைக் காதலிக்கிறான், ஆனால் வாய்திறந்து சொல்ல மாட்டான். அந்தச் சாவி வீட்டின் மது நிலவறைக்கு உரியது. அங்கே சில பாட்டில்களில் மதுவுக்குப் பதிலாக யுரேனியம் கலந்த தாதுமணல் இருக்கிறது.

படம் பார்த்தவர்களிடம் கதையைக் கேளுங்கள். சாவி, மாடிப்படி, காப்பிக் கோப்பை மூன்றையும் தவறாமல் சொல்வார்கள். யுரேனியத்தைச் சிலர் மறந்தே போயிருப்பார்கள். படத்தில் இத்தனை பேரும் உயிரைக் கொடுத்துத் தேடுவது அதைத்தான். எல்லோரும் துரத்தும், ஆனால் பார்வையாளருக்குப் பெரிதாக ஒன்றுமில்லாத இப்படிப்பட்ட பொருளுக்கு ஹிட்ச்காக் வழக்கமாகச் சொன்ன பெயர் மக்கஃபின். அவரோடு வேலை செய்த திரைக்கதை ஆசிரியர் ஆங்கஸ் மெக்ஃபெயில் வைத்த பெயர் என்பார்கள். விளக்கம் கேட்டால் ஹிட்ச்காக் ஒரு ரயில் துணுக்கைச் சொல்வார். மேலே வைத்த பொட்டலம் என்ன என்று ஒருவர் கேட்க, மக்கஃபின் என்கிறார் மற்றவர். ஸ்காட்லாந்து மலையில் சிங்கம் பிடிக்கும் கருவியாம் அது. அங்கே சிங்கமே கிடையாதே என்றால், அப்படியானால் இது மக்கஃபினும் இல்லை என்று பதில் வரும்.

துணுக்கு சிரிக்க வைக்கும், வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லாது. அதற்கு, பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுக்கு 1962இல் கொடுத்த நீண்ட பேட்டியில் அவர் சொன்ன இன்னொரு கதை உதவும். 'நொட்டோரியஸ்' எழுதும்போது ஹிட்ச்காக்கும் திரைக்கதை ஆசிரியர் பென் ஹெக்ட்டும் யுரேனியத்தைப் பிடித்தார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு முந்தைய நேரம் அது. யுரேனியம் என்றால் என்னவென்றே தயாரிப்பாளருக்குப் புரியவில்லை. ஹிட்ச்காக் வாதாடவில்லை. பிடிக்காவிட்டால் தொழிற்சாலை வைரம் என்று மாற்றிவிடலாம் என்றாராம். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்நிக் கடைசியில் நடிகர்கள், இயக்குநர், திரைக்கதை எல்லாவற்றையும் சேர்த்து ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டார். யுரேனியத்தைப் பற்றி விசாரித்ததால் எஃப்.பி.ஐ. தன்னை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தது என்றும் ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றியே கதை கட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர், கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

வைரத்தைப் போட்டிருந்தால் படம் என்ன ஆகியிருக்கும்? பாட்டில் உடையும்போது மணலுக்குப் பதில் கல் சிதறும். வேறு எதுவும் மாறாது. ஒரு பொருள் மக்கஃபினா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது: அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள், காட்சிகள் அப்படியே நிற்கின்றனவா என்று. லோகேஷ் கனகராஜின் 'கைதி'யில் (2019) கும்பல் மீட்க வருவது போலீஸ் பிடித்து வைத்த போதைப்பொருளை. அதை எடுத்துவிட்டுத் தங்கக் கட்டிகளை வையுங்கள், லாரி ஓடும், கமிஷனர் அலுவலகம் முற்றுகையிடப்படும். டில்லி பார்க்கப் போகும் மகளை எடுத்துவிட்டால் படம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அப்படியானால் எதை வைத்தாலும் சரியா என்றால், இல்லை. நமக்கு அது முக்கியமில்லாவிட்டாலும் பாத்திரங்களுக்கு உயிர்போகிற விஷயமாக இருந்தாக வேண்டும். பெரும்பாலான படங்கள் இதை வசனத்தில் சாதிக்கப் பார்க்கும். கண்ணாடி போட்ட ஒருவர் வரைபடத்தைக் காட்டி, இது அவர்கள் கையில் சிக்கினால் உலகமே அழியும் என்பார். ஹிட்ச்காக் வேறு வழி பிடித்தார். செபாஸ்டியன் வீட்டு விருந்தில் ஹுப்கா என்ற கிழவர், அலமாரிமேல் இருக்கும் ஒரு மதுப் பாட்டிலைப் பார்த்துப் பதறிவிடுகிறார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. சாப்பாடு முடிந்ததும் கூட்டாளிகள் கூடிப் பேசி, அவரைக் காரில் அனுப்பி, வழியில் தீர்த்துவிட முடிவெடுக்கிறார்கள். பாட்டிலில் என்ன என்று நமக்கு இன்னும் தெரியாது. ஆனால் அதன் விலை தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியம், இந்த வீட்டில் தப்பு செய்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. படத்தின் கடைசிக் காட்சிக்கு இது தேவைப்படும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யுரேனியத்தின் பயம் முழுவதும் சின்னச் சின்ன வீட்டுச் சாமான்களுக்கு இறங்கிவிடுகிறது. முதலில் சாவி. பெரிய விருந்து நடக்கிறது. கேமரா மாடியிலிருந்து கூடத்தைப் பார்க்கிறது, வெட்டு இல்லாமல் அப்படியே கீழே இறங்கி, கூட்டத்தைக் கடந்து, அலிசியாவின் மூடிய கைக்குள் தெரியும் சாவியில் போய் நிற்கிறது. அடுத்தது ஷாம்பெயின். டெவ்லினிடம் சாவி போய்ச் சேர்ந்தாயிற்று, ஆனால் விருந்தாளிகள் வேகமாகக் குடிக்கிறார்கள். ஐஸில் வைத்த பாட்டில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்துபோனால் எடுத்துவர நிலவறைக்குத்தான் ஆள் வர வேண்டும். வெடிகுண்டும் இல்லை, கடிகாரமும் இல்லை, நேரத்தைக் காட்ட இந்தப் பாட்டில்களே போதும். அலிசியாவுக்கு யாராவது ஒரு கிண்ணம் நீட்டினால்கூட நமக்குப் பதறுகிறது.

நிலவறையில் டெவ்லின் கை பட்டு ஒரு பாட்டில் கீழே விழுந்து உடைகிறது. கருமணல் கொட்டுகிறது. இதுதான் மக்கஃபின் முகம் காட்டும் நேரம். ஹிட்ச்காக் அதற்குச் சில நொடிகளே கொடுக்கிறார். இது என்ன என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை, செபாஸ்டியன் வருவதற்குள் கூட்டிப் பெருக்கிவிட முடியுமா என்பதே கேள்வி. கொஞ்சத்தை உறையில் போட்டுக்கொண்டு, மீதியை வேறொரு பாட்டிலில் கொட்டி வைக்கிறார்கள். அவசரத்தில் எடுத்த அந்தப் பாட்டிலின் ஆண்டு வேறு. வெளியே செபாஸ்டியன் வருவதைப் பார்த்ததும், திருட்டை மறைக்க டெவ்லின் அலிசியாவை முத்தமிடுகிறான். அது நடிப்பா நிஜமா என்று முத்தமிடும் இருவருக்குமே தெரியாது. உண்மையில் படம் முழுக்க ஓடுவது இந்தக் கேள்விதான். அதைக் கேட்க ஒரு நிலவறையும் அதில் ஒளிக்க ஒரு பொருளும் வேண்டியிருந்தன.

விடிந்தபின் செபாஸ்டியன் தனியாக இறங்கி வந்து 1934 என்று எழுதிய வரிசையில் ஆண்டு மாறிய ஒரு பாட்டிலைப் பார்க்கிறான். அம்மாவிடம் போய்த் தான் கட்டியிருப்பது அமெரிக்க உளவாளியை என்று சொல்கிறான். கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் ஹுப்காவுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கும். அதனால் அம்மாவும் மகனும் அலிசியாவின் காப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலக்கிறார்கள். இப்போது காப்பிக் கோப்பை. கேமராவுக்கு மிக அருகில், திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கடைசியில் டெவ்லின் அவளைத் தாங்கிப் பிடித்து மாடிப்படியில் இறங்குகிறான். கூடவே செபாஸ்டியனும் அவன் அம்மாவும். கீழே கூட்டாளிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். செபாஸ்டியன் ஒரு சத்தம் போட்டால் டெவ்லின் கதை முடிந்தது, அதோடு செபாஸ்டியன் கதையும் முடிந்தது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பிடித்துவைத்தபடி ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். மிச்சமிருக்கும் பாட்டில்கள் என்ன ஆயின என்று படம் சொல்வதில்லை. பார்ப்பவர்களும் கேட்பதில்லை.

இதே முறை எங்கே கெடும்? எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கும்போது. ஹிட்ச்காக்கே தன் மக்கஃபின்களில் சிறந்தது 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் வருவது என்றார், காரணம் அது கிட்டத்தட்ட வெறுமை. வில்லன் என்ன செய்கிறான் என்று நாயகன் கேட்க, இறக்குமதி ஏற்றுமதி என்றும், அரசாங்க ரகசியங்கள் என்றும் பதில் வருகிறது. அதே காட்சியில் விமான என்ஜினின் இரைச்சல் பேச்சின் ஒரு பகுதியையே விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதைச் சுருக்கம். ரகசியம் என்ன என்பதற்கு ஒரு வரிக்கு மேல் செலவு செய்ய அவர் தயாராக இல்லை.

ஜார்ஜ் லூகாஸ் இதை ஏற்கவில்லை. பார்வையாளருக்கும் அந்தப் பொருள்மேல் அக்கறை வர வேண்டும் என்பது அவர் கட்சி. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் எல்லோரும் தேடும் ரகசிய வரைபடத்தை ஆர்2-டி2 என்ற குட்டி ரோபோவின் வயிற்றில் வைத்தார். வரைபடத்துக்காக யாரும் கவலைப்பட மாட்டார்கள், ரோபோவுக்காகப் படுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அக்கறை வந்துவிட்ட பிறகு ரோபோவை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாதே! அப்புறம் அது ஹிட்ச்காக் சொன்ன பொருள் இல்லை, ஒரு பாத்திரம்.

ஹிட்ச்காக் வழியில் கடைசிவரை போன படம் என்றால் 2006இல் வந்த மூன்றாவது 'மிஷன் இம்பாசிபிள்'. எல்லோரும் தேடும் பொருளுக்கு 'முயல் கால்' என்று பெயர். அது கிருமியா ஆயுதமா என்றே சொல்வதில்லை. ஷாங்காயில் ஒரு வானுயர்ந்த கட்டடத்தில் அதைத் திருடப் போகிறார் டாம் குரூஸ். அவர் உள்ளே தாவிக் குதிப்பதைப் பார்க்கிறோம், பிறகு வெளியே விழுந்தடித்து வருவதைப் பார்க்கிறோம். திருட்டு நடக்கும் நேரத்தில் கேமரா வெளியே கூட்டாளிகளோடு காத்துக்கொண்டிருக்கிறது. படம் முடியும்போது அவரே மேலதிகாரியிடம் அது என்ன என்று கேட்கிறார். வேலையில் தொடர்ந்தால் சொல்கிறேன் என்று மழுப்புகிறார் அதிகாரி. 2025இல் வந்த எட்டாவது படத்தில் ஒருவழியாக அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். அந்த விளக்கத்தைத் தெரிந்துகொண்டு மூன்றாவது படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஷாங்காய்க் காட்சியின் விறுவிறுப்பு அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.