ஒரே திருட்டு, இரு வழிகள்: சிறார்களைச் சட்டம் வேறாகப் பார்ப்பது ஏன்?

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். நள்ளிரவு நேரம். தாமான் ஒன்றின் கடைவரிசை முன் நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிளை இருவர் பூட்டை உடைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒருவருக்கு 24 வயது. அவரை ‘அண்ணன்’ என்று அழைத்துக்கொண்டு பின்னால் சுற்றும் மற்றவனுக்கு 15 வயது, நான்காம் படிவ மாணவன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் ரோந்துப் போலீசாரிடம் இருவரும் பிடிபடுகிறார்கள்.

இருவரும் செய்தது ஒரே குற்றம். மறுநாள் வேலைக்குச் செல்ல வண்டி இல்லாமல் தவிக்கும் உரிமையாளருக்கும் நட்டம் ஒன்றுதான். ஆனால், மலேசியச் சட்டத்தில் இந்த இருவருக்கும் வழி ஒன்றல்ல.

பெரியவர் மீது தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு பாயும். வாகனத் திருட்டுக்கான அந்தப் பிரிவு, ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வகுத்துள்ளது. அபராதமும் விதிக்கப்படலாம். குற்றம் நிரூபணமானதும் நீதிமன்றத்தின் கவனம் பெரும்பாலும் நடந்த செயலின் மீதே இருக்கும்.

பையனின் வழக்கை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் கையில் எடுத்துக்கொள்கிறது. அவன் செய்தானா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. செய்தான் என்று தெரிந்த பிறகுதான் வேறுபாடு தொடங்குகிறது. இவன் ஏன் இங்கே வந்து நிற்கிறான், மீண்டும் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதே அடுத்த கேள்வி.

சலுகையா, காரணமா?

‘தப்பு தப்புதானே, வயதைப் பார்த்து விட்டுவிடலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் விட்டுவிடவில்லை. பத்து வயது நிரம்பாத பிள்ளையின் செயல் எதுவும் குற்றமாகாது என்கிறது தண்டனைச் சட்டத்தின் 82ஆவது பிரிவு. பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரியும் பக்குவம் இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறது 83ஆவது பிரிவு. அதற்கு மேற்பட்ட வயதில் பொறுப்பு உண்டு. நம் பதினைந்து வயதுப் பையனும் பொறுப்பாளிதான். ஆனால், பெரியவருக்குரிய அளவு பொறுப்பு அவனுக்கு இல்லை என்று சட்டம் கருதுகிறது.

இதற்கு உளவியல் ஆய்வுகள் வலுச் சேர்க்கின்றன. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பதின்ம வயதினர், இளையர், பெரியவர்கள் ஆகிய மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் வெகுவாக அதிகரித்தன. பெரியவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. சரி எது, தவறு எது என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் சரியாகவே சொல்லுவான். ‘அண்ணன்’ பக்கத்தில் நின்று ‘பயமா இருக்கா’ என்று கேட்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது கைகொடுக்காமல் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சட்டத்தை மீறும் போக்கு பதின்ம வயதின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு பெரும்பாலானவர்களிடம் தானாகவே குறைகிறது என்பது குற்றவியல் துறையில் நீண்டகாலமாக அறியப்பட்ட ஒன்று. பள்ளி, வேலை, குடும்பம் என்ற கயிறுகள் அவர்களைக் கரைக்கு இழுத்துவிடுகின்றன. சிறை முதலில் அறுப்பது அந்தக் கயிறுகளைத்தான்.

நீதிமன்றத்தில் நடப்பது

கைதானவுடன் போலீசார் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தகவல் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் பெரியவர்களோடு சேர்த்துப் பையனை அடைத்து வைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் அவனை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். கொலை போன்ற கடுங்குற்றமாக இல்லாவிட்டால், அவனைத் தீய சகவாசத்திலிருந்து விலக்கி வைக்கும் தேவை போன்ற காரணங்கள் இல்லாவிட்டால், பிணையில் விடுவதே பொது விதி.

சிறார் நீதிமன்றத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரு ஆலோசகர்களும் அமர்கிறார்கள். ஆலோசகர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் நிரூபணமானதா இல்லையா என்பதில் அவர்கள் தலையிடுவதில்லை. அதன் பிறகு என்ன உத்தரவு பொருத்தமானது என்பதில்தான் ஆலோசனை சொல்கிறார்கள். பொதுமக்கள் உள்ளே வர முடியாது. குற்றச்சாட்டைப் பையனுக்குப் புரியும் எளிய மொழியில் விளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பயன்படும் ‘தண்டனைத் தீர்ப்பு’ போன்ற சொற்களைச் சிறார் நீதிமன்றத்தில் பயன்படுத்தக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. ‘குற்றவாளி’ என்ற பட்டம் அவனோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம் வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. பெரியவரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்டால் வழக்கு சாதாரண நீதிமன்றத்திலேயே நடக்கலாம். அப்போதும் பையனைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றம் சிறார் சட்டப்படியே நடக்க வேண்டும்.

முடிவைத் தீர்மானிக்கும் அறிக்கை

பையன் மீதான குற்றம் உறுதியானதும் உத்தரவு உடனே வந்துவிடாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் முதலில் பார்க்க வேண்டும். பையனின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு ஆகியவை அதில் இடம்பெறும். சமூகநல இலாகாவைச் சேர்ந்த அந்த அதிகாரி பெற்றோரிடம் பேசுவார், பள்ளியில் விசாரிப்பார்.

இரண்டு விதமான அறிக்கைகளை எண்ணிப் பார்ப்போம். முதல் அறிக்கை இப்படிச் சொல்கிறது: இது முதல் குற்றம். தாயார் இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ஆறு மாதமாகத்தான் பள்ளி வருகை குறைந்துள்ளது. அந்த 24 வயது நபருடன் பழக்கம் ஏற்பட்டதும் அப்போதுதான். இனி மாலை நேரங்களில் தாய்மாமன் வீட்டில் வைத்துக்கொள்ளக் குடும்பம் தயாராக இருக்கிறது. இத்தகைய பையனுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு உத்தரவு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அதிகாரியின் பார்வையில் இருந்தபடியே அவன் வீட்டில் வாழலாம், பள்ளிக்குப் போகலாம். நிபந்தனையை மீறினால் மீண்டும் நீதிமன்றத்திற்கு வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது அறிக்கையில், இது மூன்றாவது முறை. பையன் வாரக்கணக்கில் வீட்டுக்கே வருவதில்லை. அவனைக் கட்டுப்படுத்தத் தங்களால் முடியாது என்று பெற்றோரே சொல்லிவிட்டார்கள். இவனை சமூகநல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளிக்கோ சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளிக்கோ அனுப்ப நீதிமன்றம் யோசிக்கலாம். ஒப்புதல் பெற்ற பள்ளிக்கு அனுப்பும் உத்தரவின் அடிப்படைக் காலம் மூன்றாண்டு. திருடியது அதே மோட்டார் சைக்கிள்தான். வேறுபட்டது அறிக்கை.

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அந்த வயதைத் தாண்டியவரையும் வேறு வழி பொருந்தினால் அனுப்பக் கூடாது. அனுப்பினாலும் பெரிய கைதிகளோடு பழக விடக் கூடாது.

வண்டிக்காரரும் மறக்கப்படுவதில்லை. இழப்பீடு கொடுக்க உத்தரவிடலாம், அதைப் பெற்றோரே கட்டும்படியும் சொல்லலாம். பெற்றோர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலங்களில் பிள்ளையோடு சமூகநல இலாகாவிலோ காவல் நிலையத்திலோ முகம் காட்டுவது, மாதம் ஒருமுறை ஆசிரியரைச் சந்திப்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும்.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல், அவசரம். ‘ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போய்விடலாம்’ என்று நம்பி, வழக்கறிஞரிடம் பேசாமலே குற்றத்தை ஒப்புக்கொள்வது. செய்யாத பகுதியையும் சேர்த்து ஒப்புக்கொள்ளும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழி கைது, தடுப்புக் காவல் கட்டத்திலேயே இலவச வழக்கறிஞரைக் கேட்க முடியும்.

இரண்டாவது, மானம் கருதி மறைப்பது. நன்னடத்தை அதிகாரி வரும்போது வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டால், பையனை ஏன் கண்காணிக்க வேண்டும், யார் கண்காணிப்பார்கள் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. தந்தையின் குடிப்பழக்கமோ பையனின் படிப்புக் குறைபாடோ மறைக்கப்பட்டால், அதற்கான உதவியும் உத்தரவில் வராது. அறிக்கையில் பிழை இருப்பதாகத் தெரிந்தால் அமைதியாக இருக்கவும் தேவையில்லை. அதன் சாரத்தைப் பையனுக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதும், அதற்கு மாறான ஆதாரத்தை அவர்கள் முன்வைக்கலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளன.

மூன்றாவது, கைப்பேசி. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மின்னியல் ஊடகத்தில் பரவும் படத்திற்கும் இது பொருந்தும். மீறினால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘திருடன் பிடிபட்டான்’ என்று தாமான் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுபவர் இதை யோசிப்பதில்லை.

எல்லை எங்கே?

மிகக் கடுமையான குற்றங்களில் இந்த அமைப்பே திணறியிருக்கிறது. 2002ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதைக்கூட எட்டாத ஒரு சிறுவன், தன் டியூஷன் ஆசிரியரின் பதினோரு வயது மகளைக் கொன்றான். மரண தண்டனைக்குரிய குற்றம் என்பதால் வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தது. சிறார் சட்டத்தின் 97ஆவது பிரிவு சிறாருக்குத் தூக்குத் தண்டனையைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக, மாமன்னரின் அல்லது மாநில ஆட்சியாளரின் விருப்பத்திற்குட்பட்ட காலம் வரை தடுத்து வைக்கச் சொல்கிறது. எத்தனை ஆண்டு என்று அதில் இல்லை.

கால அளவை நீதிமன்றம் அல்லாத ஒருவர் தீர்மானிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிச் சிறுவனை விடுவித்தது. சில மாதங்களிலேயே கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, தடுப்பு உத்தரவை மீட்டது. பறிகொடுத்த குடும்பத்துக்கு எந்தக் காலமும் போதாது. முடிவு தெரியாமல் உள்ளே வளரும் சிறுவனுக்கோ திருந்தியதைக் காட்ட ஒரு தேதி இல்லை.

மோட்டார் சைக்கிள் திருடிய பையனுக்கு அந்தத் தேதி உண்டு. கண்காணிப்புக் காலம் முடியும்போது அவனுக்குப் பதினேழோ பதினெட்டோ ஆகியிருக்கும். எஸ்.பி.எம். எழுதியிருப்பானா, வேலைக்குப் போயிருப்பானா, ‘அண்ணன்’ சிறையிலிருந்து வந்ததும் மறுபடி அவர் பின்னால் போவானா என்பது அந்த இடைப்பட்ட காலத்தில் அவனைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.