எந்த நாளிலிருந்து ஏழு நாள்?

ஆன்லைன் கடைகளின் ரிட்டர்ன் விதிகளைத் தமிழாக்கும்போது நான் முதலில் தேடுவது, நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை. ‘7 நாட்களுக்குள் திருப்பலாம்’ என்று மட்டும் எழுதினால், ஆர்டர் போட்ட நாளா, பொருள் வந்த நாளா என்ற சண்டை நிச்சயம். ‘பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து’ என்று எழுத வேண்டும்.

பணம் திரும்புவதில் இன்னும் சிக்கல். ‘தரச் சோதனை முடிந்தபின் 5 வேலை நாட்களில் பணம் அனுப்பப்படும்’ என்பது மூலம் என்று வையுங்கள். சேலையை 10ஆம் தேதி திங்களன்று கூரியர்காரர் எடுத்துப் போகிறார். சோதனை 13ஆம் தேதி வியாழனன்று முடிகிறது. சனி, ஞாயிறு விடுமுறை என்றால் ஐந்தாவது வேலை நாள் 20ஆம் தேதி. ‘5 நாளில் பணம் வரும்’ என்று தமிழில் சுருக்கிவிட்டால், வாடிக்கையாளர் 15ஆம் தேதியே பாஸ்புக்கோடு வங்கியில் நிற்பார். ‘அனுப்பப்படும்’ வேறு, ‘வரும்’ வேறு. கணக்கில் ஏற வங்கி தனியாக நாள் எடுக்கும்.

‘டேக் பிரிக்காமல், உடுத்தாமல் இருந்தால் மட்டுமே’ என்ற நிபந்தனையை நாள் கணக்குக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கடைசிப் பத்தியில் ஒளித்தால் யாரும் படிப்பதில்லை.