புதுத் தேயிலைக்குப் பெயர் வைக்குமுன் எழுத வேண்டிய நான்கு வரி

நீலகிரியில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பெரும்பாலும் பச்சை இலையை அருகிலுள்ள தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, அங்கே சொல்லும் விலையைப் பெற்று வருகிறார்கள். இலை விலை இறங்கும்போதெல்லாம், நாமே தூளாக்கிப் பாக்கெட் போட்டு விற்றால் என்ன என்ற பேச்சு எழுகிறது. பத்துப் பேர் கூடிப் பணம் போடுகிறார்கள். முதல் வேலையாகப் பெயர் தேடுகிறார்கள். இரண்டாவதாக மலைப் படம் போட்ட பாக்கெட் அச்சடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பாக்கெட்டுகளில் பாதி அச்சடித்த கட்டாகவே மூலையில் கிடக்கிறது.

பெயருக்கும் பாக்கெட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வியாபாரத்தில் அதைப் ‘பொசிஷனிங் ஸ்டேட்மெண்ட்’ என்பார்கள். தமிழில் இடக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் மனத்தில் இந்தச் சரக்குக்கு எந்த இடம் என்பதை நான்கு வரியில் எழுதி வைப்பதுதான் அது. யாருக்கு விற்கிறோம், எந்த வகைச் சரக்கு, அவருக்கு என்ன பலன், அதற்கு என்ன அத்தாட்சி என்பவையே அந்த நான்கு. இது விளம்பர வாசகம் அல்ல. பாக்கெட் மேல் அச்சிடவும் வேண்டியதில்லை. குழுவில் உள்ளவர்கள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவையும் அதனோடு ஒத்துப் பார்ப்பதற்கானது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு இதை எழுதிப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் குழு மாதம் 500 கிலோ தூள் தயாரிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். ஆகவே மாதம் 2,250 கிலோ இலை தேவை. இலையை ஒரு தொழிற்சாலையில் கூலிக்குக் கொடுத்து, சிடிசி முறையில் டஸ்ட் தூளாக அரைத்து வாங்குகிறார்கள்.

யாருக்கு?

“டீ குடிக்கிற எல்லாருக்கும்” என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் கையிலுள்ள சரக்கின் அளவே வேறு வழி காட்டுகிறது. நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 2 கிராம் என்றால் நாளைக்கு 16 கிராம். மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 500 கிலோவை விற்க ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் வேண்டும். அத்தனை வீடுகளும் மாதா மாதம் இதே பெயரைக் கேட்டு வாங்க வேண்டுமானால் விளம்பரத்துக்கும் மளிகைக் கடைக் கமிஷனுக்கும் பணம் கொட்ட வேண்டும்.

நாளைக்கு 300 கிளாஸ் பால் டீ விற்கும் கடையைப் பாருங்கள். கிளாசுக்கு இரண்டரை கிராம் தூள் என்றால் நாளைக்கு 750 கிராம். மாதத்துக்கு இருபத்திரண்டரை கிலோ. அப்படிப்பட்ட கடைகள் 22 கிடைத்தால் ஏறக்குறைய 500 கிலோவும் தீர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை செல்லும் ஒரே சாலையில், ஒரு வண்டியில் போய் வரும் தூரத்துக்குள் இந்த 22 கடைகளைத் தேடிக்கொள்ளலாம். ஆகவே முதல் வரி: “இந்தச் சாலையில் நாளைக்கு 200 கிளாசுக்கு மேல் பால் டீ விற்கும் கடைக்காரர்.” இப்படி எழுதினால் நாளைக் காலையில் யார் கடைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அந்த வரி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

எந்த வகை?

இரண்டாவது வரி சரக்கு எந்த வகை என்பது. வாங்குகிறவர் இதை எதோடு வைத்து ஒப்பிடுவார் என்பதை இந்த வரிதான் தீர்மானிக்கிறது. “நீலகிரித் தேயிலை” என்று எழுதினால் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது மணமும் இளநிறமும் உள்ள, பால் சேர்க்காமல் குடிக்கும் இலைத் தேயிலை. டீக்கடைக்காரர், “அது நிறம் கொடுக்காதே” என்று அங்கேயே முடித்துவிடுவார். “ஆரோக்கிய பானம்” என்று எழுதினாலோ, கடைக்காரரின் டப்பாவில் அதற்கு இடமே இல்லை. “டீக்கடைக்கான சிடிசி டஸ்ட் தூள்” என்று எழுதினால், இப்போது அவர் கையில் உள்ள தூளுக்குப் பக்கத்தில் இது வந்து நின்றுவிடும். போட்டி கடுமையானதுதான். ஆனாலும் போட்டி யாருடன் என்பது தெளிவாகிவிடும்.

என்ன பலன்?

தரம், மணம், சுவை, மலைத்தூய்மை, குறைந்த விலை என்று ஐந்தையும் அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. கடைக்காரரின் குறை என்ன என்று முதலில் கேட்டறிய வேண்டும். “போன மாதம் நல்லா இருந்துச்சு, அதே பாக்கெட்தான், இந்த மாதம் தண்ணியா இறங்குதுங்க” என்பது டீக்கடைகளில் கேட்கும் பேச்சு. தூள் இளைத்தால் அவர் கூடுதலாகப் போட வேண்டும். அல்லது வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இரண்டும் நஷ்டமே.

“மலிவு” என்ற பலனை இந்தக் குழு எடுக்கக்கூடாது. பெரிய கம்பெனி நினைத்தால் அடுத்த வாரமே இன்னும் பத்து ரூபாய் குறைத்துவிடும். தவிர, கடைக்காரரின் கணக்கு கிலோ விலையில் முடிவதில்லை. 200 ரூபாய்த் தூளில் கிலோவுக்கு 320 கிளாஸ் வருகிறது, 240 ரூபாய்த் தூளில் 400 கிளாஸ் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் கிளாசுக்கு அறுபத்திரண்டரை பைசா, இரண்டாவதில் 60 பைசா. விலை கூடிய தூளே மலிவு. ஆகவே பலன் ஒன்றே ஒன்று: “மாதத்துக்கு மாதம் கிளாஸ் எண்ணிக்கையும் நிறமும் மாறாது.”

“கலர் கலக்காதது” என்று சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தேயிலையில் செயற்கைச் சாயம் சேர்ப்பது சட்டப்படியே குற்றம். எல்லாரும் செய்தாக வேண்டியதைத் தனிச் சிறப்பாகச் சொல்வதில் பயனில்லை. சந்தேகப்படும் கடைக்காரருக்கு, ஈரமான வடிதாளில் தூளைத் தூவிச் சாயம் இறங்குகிறதா என்று செய்து காட்டினால் போதும்.

என்ன அத்தாட்சி?

நான்காவது வரியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “பரம்பரை அனுபவம்”, “மலையிலிருந்து நேரடியாக” என்பவை அத்தாட்சி ஆகா; யாரும் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தக் குழு செய்யக்கூடியது இது. நன்றாக அமைந்த ஒரு லாட்டிலிருந்து 2 கிலோ தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் மூல மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். புது லாட் வந்ததும் அதில் 25 கிராமும், மூல மாதிரியில் 25 கிராமும் எடுத்து, ஒரே அளவுத் தண்ணீரில், ஒரே நேரம், தனித்தனியே டிக்காஷன் இறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பத்துக் கிளாசாகப் பிரித்து, ஒரே அளவு பால் சேர்க்க வேண்டும். எது எந்தத் தூள் என்று தெரியாத மூன்று பேர் குடித்துப் பார்க்கட்டும். வித்தியாசம் சொல்ல முடியாவிட்டால்தான் லாட் எண்ணும் தேதியும் போட்டு அனுப்பலாம். ஒவ்வொரு லாட்டிலும் 100 கிராம் ஆறு மாதம் வைத்திருந்தால், கடைக்காரர் குறை சொல்லும்போது அதே தூளை அவர் எதிரிலேயே காய்ச்சிப் பார்க்கலாம்.

புது லாட்டை முந்தைய லாட்டோடு மட்டும் ஒப்பிடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத அளவு இளைத்துக்கொண்டே வந்து, ஆறாவது மாதம் தூள் வேறாகிவிடும். மூல மாதிரியும் நாளாக ஆக மணம் இழக்கும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை, அதனோடு சரியாக ஒத்துப்போன லாட் ஒன்றைப் புது மாதிரியாக மாற்றிக்கொள்வது நலம்.

நான்கையும் சேர்த்தால்

“மேட்டுப்பாளையம்–கோவை சாலையில் நாளைக்கு 200 கிளாசுக்கு மேல் பால் டீ விற்கும் கடைக்காரருக்கு, இது மாதத்துக்கு மாதம் கிளாஸ் எண்ணிக்கையும் நிறமும் மாறாத டீக்கடை டஸ்ட் தூள்; ஏனெனில் ஒவ்வொரு லாட்டும் மூல மாதிரியோடு காய்ச்சிப் பார்த்து ஒத்துப்போன பிறகே எண் போட்டு அனுப்பப்படுகிறது.”

இதை எழுதியதும் மற்ற முடிவுகள் தாமாகவே வந்து சேரும். 50 கிராம் பாக்கெட் வேண்டாம். ஒரு கிலோ, ஐந்து கிலோப் பைகள் போதும். வண்ணப் படத்துக்குச் செலவிடும் பணத்தை நல்ல தராசுக்கும் காற்றுப் புகாத பைக்கும் செலவிடலாம்.

வாசகம் சரியா என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. போட்டிக் கம்பெனியின் பெயரை அதில் போட்டுப் படிக்க வேண்டும். அப்போதும் உண்மையாக இருந்தால் அது இந்தக் குழுவின் வாசகம் அல்ல. அடுத்து, ஐந்து கடைக்காரர்களிடம் பேச்சு நடையில் சொல்லிப் பார்க்க வேண்டும். “கிலோ என்ன விலை?” என்று மட்டும் கேட்டால் பலன் அவருக்குப் படவில்லை. “எத்தனை கிளாஸ் வரும்? யார் எண்ணினது?” என்று கேட்டால் வாசகம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது கால் கிலோ கொடுத்து, அவரையே எண்ணச் சொல்லலாம்.

உண்மையான சோதனை மழைக்காலத்தில் வரும். டிசம்பர் முதல் மார்ச் வரை குளிரும் வறட்சியும் உள்ள நாட்களில் கொழுந்து மெதுவாக வளர்ந்து தூள் நன்றாக அமையும். மழை விட்டுக் கொழுந்து குவியும் மாதங்களில் பறிப்புச் சுற்று தள்ளிப்போய், முற்றிய இலையும் சேர்ந்து வந்துவிடும். அந்தத் தூள் மூல மாதிரிக்கு ஒத்து வராது. நல்ல மாதத்துச் சரக்கில் ஒரு பங்கை ஈரம் ஏறாமல் இருப்பு வைத்து, கலந்து சரிக்கட்டலாம். அதற்கும் சரிப்படாத லாட்டைப் பெயர் போடாமல் மொத்த வியாபாரிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இலை கொடுத்த உறுப்பினர்களுக்கு அந்த மாதம் வரவு குறையும். கூட்டத்தில் சச்சரவும் எழும். அந்த நஷ்டத்துக்கு உறுப்பினர்கள் சம்மதிக்கிறார்களா என்பதை, வாசகத்தை எழுதும் அன்றே கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். சம்மதிக்காவிட்டால் “மாறாது” என்ற சொல்லை அடித்துவிட்டு, காப்பாற்றக்கூடிய வேறொரு பலனைத் தேடுவதே முறை.