விழா மிச்சமும் நிரந்தரக் கட்டளையும்

பழைய கோயில் மண்டபங்களில் கட்டளைதாரர் பெயர் பொறித்த பளிங்குக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, தன் பிறந்த நட்சத்திரத்தில் ஆண்டுதோறும் அபிஷேகம் நடக்க ஏற்பாடு செய்திருப்பார். அந்தப் பணத்தை யாரும் எடுத்துவிடவில்லை, வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டு வட்டி முப்பத்தைந்து ரூபாய். அதில் பால் வாங்குவதா, பூ வாங்குவதா?

திருவிழா முடிந்து மிச்சம் நிற்கும்போது, 'இதை நிரந்தர வைப்பாகப் போட்டு வருஷா வருஷம் அன்னதானம் நடத்தலாமே' என்று அறங்காவலர் கூட்டத்தில் பேச்சு வரும். அப்போது பொருளாளர் எழுதி வைக்க வேண்டிய குறிப்பு, இந்தப் பளிங்குக்கல் கதை திரும்ப நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஊர்க்கோயிலை எடுத்துக்கொள்வோம். பங்குனி உத்திரம் முடிந்து கணக்குப் பார்த்ததில் ஆறு லட்சம் ரூபாய் மிச்சம். உத்திரத்தன்று நடக்கும் அன்னதானத்துக்கு அடுத்த ஆண்டு 12,000 ரூபாய் ஆகும். வங்கி வட்டி 7 சதவீதம். எவ்வளவு போட்டு வைத்தால் அன்னதானம் என்றைக்கும் நிற்காது?

ஆண்டுச் செலவை வட்டி விகிதத்தால் வகுத்தால் முடிந்தது என்பார்கள். 12,000-ஐ 0.07-ஆல் வகுத்தால் சுமார் 1,71,400 ரூபாய். இதைத்தான் நிரந்தரத் தொடர் வருமானத்தின் இன்றைய மதிப்பு என்கிறது நிதிக்கணக்கு. கணக்கில் தப்பில்லை, ஆண்டுதோறும் 12,000 ரூபாய் கைக்கு வரும். ஆனால் அரிசி, பருப்பு, சமையற்காரர் கூலி எல்லாம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பதினைந்தாம் ஆண்டில் அதே அன்னதானத்துக்கு ஏறக்குறைய 23,800 ரூபாய் வேண்டும். கையில் இருப்பதோ அதே 12,000. பாதிப் பேருக்குத்தான் இலை போடலாம்.

ஆகவே வட்டியிலிருந்து விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். ஏழில் ஐந்து போனால் இரண்டு. 12,000-ஐ 0.02-ஆல் வகுத்தால் ஆறு லட்சம். மிச்சப் பணம் முழுவதும் இந்த ஒரு நாள் அன்னதானத்துக்கே சரியாகப் போய்விடுகிறது! கூட்டத்தில் முகம் சுளிப்பார்கள். முதலாண்டு 42,000 ரூபாய் வட்டி வர, 12,000 மட்டும் செலவழிப்பானேன் என்று கேட்பார்கள். மீதி 30,000 அசலோடு சேர வேண்டும் என்பதே பதில். அசல் 6,30,000 ஆகும். அதற்கு 44,100 ரூபாய் வட்டி. அன்னதானச் செலவு 12,600. மீதி 31,500 மறுபடி அசலுக்கு. அசலும் செலவும் ஒரே வேகத்தில் ஏறுவதால்தான் கட்டளை நிலைக்கிறது. வட்டியை முழுக்கச் செலவழிப்பது, பார்வைக்கு அசலைத் தொடாதது போலிருந்தாலும், அசலைத் தின்பதுதான்.

சோழர் காலத்தில் நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்ட கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் வரும். இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். செத்த ஆட்டுக்கும் கிழடான ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் வந்து மந்தையின் எண்ணிக்கை குறையாது. பெருகுவதில் ஒரு பங்கு மூலத்துக்கே திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் ஏற்பாட்டிலேயே வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கின் பலவீனத்தையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். வட்டி 7-லிருந்து 6.5 ஆனால் இடைவெளி ஒன்றரைதான். தேவைப்படும் அசல் எட்டு லட்சமாக ஏறிவிடும். ஆறு லட்சம் தாங்குவது 9,000 ரூபாய்ச் செலவை மட்டுமே. அரை சதவீதத்துக்கே இந்த ஆட்டம். எனவே 'ஆண்டுக்கு இவ்வளவு பேருக்குச் சாப்பாடு' என்று கல்லில் வெட்டாமல், 'அசலில் ஒன்றரை சதவீதம் வரை செலவிடலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை விகிதத்தைத் திருத்தலாம்' என்று தீர்மானம் எழுதுவது நல்லது.

வருமான வரியில் ஒரு சிக்கலும் உண்டு. விலக்கு பெறும் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். மிச்சத்தை வைப்பில் போடுவது செலவாகாது. 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். 'மூலநிதிக்காக' என்று நன்கொடையாளரே எழுதிக் கொடுத்த பணம் தனி. விழா முடிந்தபின் அறங்காவலர்கள் தாங்களாக அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. அதனால் அடுத்த விழாவுக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போதே 'விழாச் செலவு', 'நிரந்தர மூலநிதி' என்று இரண்டு கட்டம் போட்டு, கொடுப்பவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.