பத்து ஸ்க்ரீன்ஷாட், ஒரே பி.டி.எஃப்.

ஜனவரி பிறந்தால் பல அலுவலகங்களில் வருமான வரிக்கான சான்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய வரி முறையில் வாடகைச் சலுகை கோருபவர் ஏப்ரல் முதல் ஜனவரி வரை யு.பி.ஐ.யில் வாடகை செலுத்தியிருந்தால், அவர் கையில் இருப்பது பத்து ஸ்க்ரீன்ஷாட். அலுவலகம் கேட்பதோ ஒரே பி.டி.எஃப். இதற்கெனத் தனிச் செயலி வேண்டாம். வங்கி விவரம் தெரியும் படங்களை முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றவே வேண்டாம்.

விண்டோஸ் கணினியிலேயே வழி இருக்கிறது. படங்களைக் கைப்பேசியிலிருந்து கேபிள் வழியாக ஒரு ஃபோல்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, பொடி எழுத்துகள் மங்கிவிடும்.

அடுத்தது வரிசை. ஏப்ரல் படத்துக்கு 01, மே படத்துக்கு 02 என்று தொடங்கி, ஜனவரிக்கு 10 என்று பெயர் மாற்ற வேண்டும். வெறும் 1, 2 என்று வைத்தால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் மென்பொருள்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். ஏப்ரலுக்குப் பின் ஜனவரி! முன்னால் ஒரு பூஜ்யம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பத்தையும் தேர்ந்தெடுத்து, முதல் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Print கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். பிரிண்டர் பட்டியலில் Microsoft Print to PDF, பக்கவாட்டில் Full page photo. பலரும் கோட்டைவிடுவது இதற்குக் கீழேதான்: Fit picture to frame என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

காரணம் எளிது. இன்றைய கைப்பேசித் திரை 1080-க்கு 2400 என்ற கணக்கில் ஒடுங்கி நீண்டது. A4 தாள் அவ்வளவு நீளமில்லை. டிக் இருந்தால் படம் தாளின் அகலம் முழுவதையும் நிரப்பப் பெரிதாகி, மேலும் கீழுமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்படும். தொகை நடுவில் பத்திரமாக இருக்கும். ஓரத்தில் இருந்த தேதியோ 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோ காணாமல் போயிருக்கும். கணக்குப் பிரிவு சரிபார்ப்பது அந்த எண்ணைத்தான். டிக்கை எடுத்தால் இரு பக்கமும் வெள்ளை இடம் விழும். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கணினி இல்லாதவர்களில் ஐபோன்காரர்களுக்கு வேலை சுலபம். படங்களை Files செயலியில் சேமித்து, பெயர் மாற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் Create PDF என்ற வசதி கிடைக்கும். ஆண்ட்ராய்டில் கேலரிக்குக் கேலரி மாறும் என்றாலும், பல படங்களைத் தேர்ந்தெடுத்து Print கொடுக்க முடிகிற போன்களில் Save as PDF இருக்கும்.

அனுப்புமுன் கோப்பைத் திறந்து பக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்: பத்து படம், பத்து பக்கம். ஏதாவது ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, பரிவர்த்தனை எண்ணின் 12 இலக்கமும் படிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அலுவலகம் சொன்ன அளவைக் கோப்பு தாண்டினால், மூலப் படங்களை பி.என்.ஜி.யிலிருந்து ஜே.பி.ஜி.யாகச் சேமித்து மீண்டும் ஒன்றாக்கிப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் இலக்கங்களை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும்.