ஒரே மாத்திரை, இரண்டு பேட்ச்

மருந்துக்கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் காட்டும் டெமோ எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அவருடைய லேப்டாப்பில் பத்து மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே பேட்ச், ஒரே கடை. அதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் கடையில் உள்ள ஒரு மாத்திரையை அவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.

பதினைந்து மாத்திரை கொண்ட காய்ச்சல் மாத்திரை அட்டை என்று வைத்துக்கொள்வோம். பழைய பேட்சில் 40 அட்டை இருக்கிறது, அச்சிட்ட விலை 30 ரூபாய், எக்ஸ்பயரிக்கு நான்கு மாதம்தான் பாக்கி. புதிய பேட்சில் 100 அட்டை, விலை 33 ரூபாய். பழையதிலிருந்து 20 அட்டையைக் கிளைக் கடைக்கு அனுப்புகிறோம். அங்கே ஒருவர் நான்கு மாத்திரை மட்டும் கேட்கிறார்.

பில் 8 ரூபாய்க்கு வர வேண்டும். 8 ரூபாய் 80 காசு வந்தால் அந்த சாஃப்ட்வேர் விலையை மருந்தோடு சேர்த்து வைத்திருக்கிறது, பேட்சோடு அல்ல என்று பொருள். அட்டையில் அச்சிட்டதற்கு மேல் வாங்கினால் அது சட்ட மீறல். 80 காசுதானே என்று விட முடியாது. அடுத்து, கிளையின் இருப்பைப் பாருங்கள். 19 அட்டை, 11 மாத்திரை என்று காட்ட வேண்டும். 19.73 அட்டை என்று காட்டினால் மாதக் கடைசியில் சரக்கு எண்ணும் பையன் தலையைச் சொறிவான்.

அந்த 20 அட்டை கிளைக்குப் போன வழியையும் கவனிக்க வேண்டும். பெரிய கடையில் கழித்த அதே நொடியில் கிளையில் கூட்டிவிடுவது சில சாஃப்ட்வேர்களின் வழக்கம். சரக்கோ இன்னும் வண்டியில் இருக்கிறது. வழியில் இரண்டு அட்டை குறைந்தால் யார் கணக்கில் எழுதுவது? அனுப்பிய சரக்கு ‘வழியில்’ என்று தனியாக நிற்க வேண்டும். கிளைக்காரர் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அவர் இருப்பில் சேர வேண்டும். இரண்டாவது கடை திறக்கும் எண்ணமே இல்லாதவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. குடோன் தனியாக இருந்தால் அதுவும் ஓர் இடம்தான்.

பார்கோடு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 890 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண், இது இன்ன மருந்து என்று மட்டும் சொல்லும். எந்த பேட்ச் என்று சொல்லாது. பல அட்டைகளில் பார்கோடே கிடையாது. ஸ்கேன் செய்ததும் சாஃப்ட்வேர் முதலில் காலாவதியாகும் பேட்சைத் தானே எடுத்துப் பில் போடும். கவுண்டரில் இருப்பவரோ கைக்கு எட்டிய புதிய பேட்சைக் கொடுத்திருப்பார். மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒரு பேட்ச் மைனஸில் போய், அல்லது கணக்கில் தீர்ந்துபோய் அலமாரியில் மிச்சமிருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் அடங்கிய பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். அதைப் படித்து, பேட்சைத் தானாக நிரப்புமா என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் ஓர் உறையை நீட்டிப் பாருங்கள். கியூஆர் கோடைப் படிக்க அதற்கான ஸ்கேனர் வேண்டும். வெறும் கோடுகளைப் படிக்கும் பழைய லேசர் ஸ்கேனர் உதவாது. மற்ற மருந்துகளுக்கு, சரக்கு வந்ததும் பேட்சுக்கு ஒரு லேபிள் அச்சிட்டு ஒட்டலாம். ஆனால் ஒட்ட ஆள் வேண்டுமே! வேகமாக விற்றுத் தீர்கிற மருந்துக்கு இந்தப் பாடு வீண். விலை அதிகமாகவும் மெதுவாகவும் நகரும் மருந்துக்கு மட்டும் செய்தால் போதும் என்பது என் கருத்து.

ரிப்போர்ட் நூறு இருக்கிறது என்பார்கள். எனக்கு இரண்டு போதும். ஒன்று, அடுத்த மூன்று நான்கு மாதத்தில் காலாவதியாகும் சரக்கின் பட்டியல். அது மருந்தின் அகரவரிசையில் வந்தால் பயனில்லை. எந்த விநியோகஸ்தரிடம் வாங்கியது, எந்தக் கடையில் கிடக்கிறது என்று பிரித்து வர வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு ஆளுக்கு ஆள் மாறும், கெடு தாண்டினால் நஷ்டம் நம் தலையில்.

இன்னொன்று, பேட்ச் எண்ணைத் தட்டினால் வாங்கியது எவ்வளவு, யாருக்குப் போனது, எங்கே மிச்சம் என்று ஒரே திரையில் வருவது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரம் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. அன்றைக்கு இந்தத் திரை இல்லாவிட்டால், பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இரண்டு கடைக்கும் போன் போட வேண்டியதுதான்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று பாக்கி. உள்ளே இருக்கும் இருப்பு முழுவதையும், பேட்ச், எக்ஸ்பயரி, இடம் எல்லாம் தனித்தனிப் பத்தியாக, எக்ஸெலில் இறக்கித் தரச் சொல்லுங்கள். மருந்தின் பெயரும் மொத்தமும் மட்டும் வந்தால், நாளை வேறு சாஃப்ட்வேருக்கு மாறும்போது ஒவ்வோர் அட்டையையும் கையில் எடுத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.