தவணை கேட்குமுன் இரண்டு கேள்விகள்

“அண்ணே, பைக்குக்கு ஒரு லட்சம் லோன் போட்டா மாசம் எவ்வளவு கட்டணும்?” என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். “எத்தனை மாசம்? என்ன வட்டி?” என்றேன். “வட்டி 12 பர்சென்ட்னாங்க, மாசம் கேக்கலையே” என்றான்.

மாதம் தெரியாமல் தவணையைச் சொல்ல முடியாது. ஆனால் எதற்குக் கீழே போகாது என்று சொல்லலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 1,000 ரூபாய். அதற்குக் குறைவாகக் கட்டினால் கடன் கரையாது, வளரும். அதற்கு மேல் எவ்வளவு என்பதைக் காலம்தான் முடிவு செய்கிறது. 24 மாதம் என்றால் 4,707 ரூபாய், 36 மாதம் என்றால் 3,321, 60 மாதம் என்றால் 2,224. தவணை இறங்க இறங்க மொத்த வட்டி ஏறும்: 24 மாதத்தில் சுமார் 13,000 ரூபாய், 60 மாதத்தில் 33,000-க்கும் மேல்.

வட்டி தெரியாமல் மாதம் மட்டும் தெரிந்தால், அசலை மாதத்தால் வகுக்க வேண்டும். லட்சத்தை 36-ஆல் வகுத்தால் 2,778. தவணை இதைவிடக் குறையாது. வட்டி 10 சதவீதமானால் 3,227, 14 ஆனால் 3,418. குறுகிய காலக் கடனில் வட்டி சற்றே மாறினால் தவணை அதிகம் அசைவதில்லை; காலம் மாறினால் புரண்டுவிடுகிறது. அதனால் முதலில் மாதத்தைக் கேளுங்கள். எக்செல்லில் கணக்கு ஒரே வரிதான்:

```
=PMT(12%/12, 36, -100000)
```

மறுநாள் தம்பி ஒரு சீட்டோடு வந்தான். 36 மாதம், 12 சதவீதம், தவணை 3,778. இரண்டு விவரமும் இருந்தும் தொகை ஒத்துவரவில்லை. 3,778-ஐ 36-ஆல் பெருக்கினால் சுமார் 1,36,000. லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000 வீதம் மூன்று ஆண்டு வட்டி 36,000. அதை அசலோடு கூட்டி மாதத்தால் வகுத்திருந்தார்கள். இதுதான் ஃபிளாட் வட்டி. அடைத்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது சுமார் 21 சதவீதம். தம்பிக்குக் கூடுதல் செலவு 16,400 ரூபாய்க்கு மேல்.

ஆக, வட்டியைக் கேட்டால் போதாது. ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா என்றும் கேட்க வேண்டும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.